வட்டமாக இருந்தால் படர்தாமரையா?

நாயின் விலாவில் முடி கொட்டி ஒரு வட்டம் தெரிந்தால் வீட்டில் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் படர்தாமரைதான். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய், "படர்தாமரை வந்திருக்கு டாக்டர்" என்று நீட்டுகிறார்கள். மருத்துவருக்கு வேண்டியது நோயின் பெயர் அல்ல. கண்ணில் பட்டது என்ன என்பதுதான்.

அந்தப் பெயர் பல சமயம் தவறாகவும் இருக்கும். வளர்ந்த நாய்களுக்கு இப்படி வட்டம் வருவதற்குப் பூஞ்சையைவிட பாக்டீரியாத் தொற்றே அடிக்கடி காரணமாகிறது. முதலில் சிறிய சீழ்க்கொப்புளம் வரும். நாயின் மேல்தோல் மெல்லியது என்பதால் அது சீக்கிரம் உடைந்துவிடும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உடைந்த இடத்திலிருந்து தோல் வெளிப்பக்கமாக உரிந்துகொண்டே போகும், நடுப்பகுதி ஆறிக் கருக்கும். கடைசியில் மிஞ்சுவது ஓரத்தில் செதில் நிற்கும் ஒரு வளையம். பூஞ்சை போடும் வட்டமும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது.

இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதை மருத்துவருக்காக இப்படி எழுதலாம்: "நாயின் வலது விலா, கடைசி எலும்புக்குச் சற்றுப் பின்னால். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். உள்ளே முடி இல்லை, தோல் சாம்பல் கலந்த கறுப்பு. ஓரத்தில் வெள்ளைச் செதில், பாதி வட்டத்துக்கு மட்டும். அதற்குக் கீழே, நகத்தளவில் இன்னொன்று. சீழோ இரத்தமோ படத்தில் தெரியவில்லை."

'சீழ் இல்லை' என்பது வேறு, 'படத்தில் தெரியவில்லை' என்பது வேறு. முடிக்கு அடியில் ஒளிந்திருப்பதைக் கேமரா காட்டாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைப் புண்ணின் மேல் படாமல் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு தெளிவாகிவிடும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று என இரண்டு படங்கள் போதும். ஃபிளாஷ் பட்டால் காய்ந்த தோலும் ஈரம்போல மினுங்கும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே நிறத்தைப் பற்றி அடித்துப் பேச வேண்டாம்.

படத்துக்கு எட்டாத சங்கதிகள் இன்னும் உண்டு: சூடு, நாற்றம், தொட்டால் வலிக்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அரிப்பு. சொறிவதையும் நக்குவதையும் கூடவே இருப்பவர்தான் பார்த்திருப்பார். முதலில் சொறிந்ததா, முதலில் முடி கொட்டியதா? இரவில் தூங்க விடாமல் சொறிகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்போ தடிப்போ உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும்.

படம் எடுப்பதற்கு முன்னால் மஞ்சளையோ வேப்பெண்ணெயையோ தடவினால் தோலின் நிறம் மாறிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு அதைவிட மோசம். அவற்றில் பல, பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்தவை. சிவப்பும் அரிப்பும் அடங்கி, ஆறிவிட்டதுபோலத் தோன்றும். தொற்று உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கலாம். ஏற்கெனவே தடவியிருந்தால் மறைக்காமல், அந்த டியூபையே எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது.

இவ்வளவு கவனமாக எழுதினாலும் அந்த வளையம் எதனால் வந்தது என்பதைப் படம் தீர்மானிக்காது. மருத்துவர் செதில் ஓரத்தில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பாக்டீரியாவைத் தேடுவார். பிளேடால் தோலைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் புற ஊதா விளக்கு அடிப்பதுண்டு. அதில் முடி பச்சையாக ஒளிரவில்லை என்பதற்காகப் பூஞ்சை இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லா வகையும் ஒளிர்வதில்லை. முடியைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

காலையில் சிறிதாக இருந்தது மாலைக்குள் ஈரமாகி, சுடச்சுடப் பரவினாலோ, முகம் வீங்கினாலோ, நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுத்தாலோ படத்துக்கும் குறிப்புக்கும் நேரம் செலவிட வேண்டாம். உடனே அழைத்துப் போக வேண்டும். மற்றபடி, சிகிச்சை தொடங்கிய பிறகும் அதே வெளிச்சத்தில், அதே நாணயத்தோடு வாரம் ஒருமுறை படம் எடுத்து வைத்தால், வட்டம் சுருங்குகிறதா, ஓரம் இன்னும் உரிகிறதா என்பதை அடுத்த முறை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.