பழத்தின் பெயர் நிறமானால்

தமிழில் பச்சைப் புடவை ஒன்றானாலும் பத்தானாலும் ‘பச்சை’ மாறாது. பிரெஞ்சில் அப்படியில்லை. நிறச்சொல் பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். பச்சைக்கு ‘வேர்’. உடையைக் குறிக்கும் ‘ரோப்’ பெண்பால் என்பதால் பச்சை உடை ‘ரோப் வேர்த்’ ஆகிவிடும்.

ஆனால் ‘மரோன்’ அசையாது. அது உண்மையில் ஒருவகைக் கொட்டையின் பெயர், செஸ்ட்நட். பழுப்புக் கண்கள் என்றால் ‘அந்தக் கொட்டையின் நிறமுள்ள கண்கள்’ என்றுதான் பொருள். கண்கள் இரண்டு என்பதற்காக கொட்டையைப் பன்மையாக்குவதில்லை. ஆரஞ்சுப் பழத்தின் பெயரிலிருந்து வந்த ‘ஒரான்ஷ்’ நிறத்துக்கும் இதே கதைதான். நீலக் கண்களுக்கு ‘எஸ்’ சேரும், பழுப்புக் கண்களுக்குச் சேராது. அந்த ‘எஸ்’ ஒலிக்காத எழுத்து. அதனால் பேச்சில் தப்பு தெரியாது, எழுதும்போது மாட்டிக்கொள்வோம்.

விதி இத்தோடு நின்றால் நிம்மதி. ரோஜாவிலிருந்து வந்த ‘ரோஸ்’ போன்ற சில மட்டும் பழகிப் பழகி முழு நிறச்சொல்லாகிவிட்டன, பன்மையில் ‘எஸ்’ வாங்கும். இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

காதிலேயே கேட்கும் வேறுபாடு கூட்டு நிறங்களில்தான். வெளிர்பச்சை உடையை ‘ரோப் வேர் க்ளேர்’ என்பார்கள். முன்பு ஒலித்த ‘த்’ இங்கே காணாமல்போகிறது. காரணம், ‘வெளிர்’ உடையை அல்ல, பச்சையை விவரிக்கிறது. பச்சை பெயர்ச்சொல்லாகி நிற்கிறது. ‘ஒரு வெளிர்பச்சையில் உள்ள உடை’ என்பதன் சுருக்கம் அது. வெளிர்நீலம், ‘ப்ளே க்ளேர்’, சட்டைகள் எத்தனை இருந்தாலும் அப்படியேதான்.