பக்கங்களுக்கு நடுவே விழுந்த பெயர்

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியலை ஓர் அறக்கட்டளை இணையதளத்தில் போட்டிருந்தது. மதிப்பெண் வாரியாக, பக்கத்துக்கு இருபது பேர். அந்த இணையதளத்துக்கு நிரல் எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் மதியம் ஒரு மாணவியின் அப்பா ஃபோன் செய்தார்.

"சார், பாப்பா பேரு லிஸ்ட்லயே இல்லை. ஒப்புகைச் சீட்டு கையில இருக்கு. மொதப் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ரெண்டு தடவை பாத்துட்டேன்."

விண்ணப்ப எண்ணை வாங்கித் தேடினேன். உடனே பெயர் வந்தது. மதிப்பெண்ணும் சரியாக இருந்தது. பிறகு அவர் சொன்னபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உண்மைதான், அந்தப் பெயர் எங்கும் இல்லை. மொத்த எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் அதில் ஒன்றும் குறையவில்லை. இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மூன்றாம் பக்கத்தின் கடைசியில் இருந்த ஒரு பையன் நான்காம் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தான். ஒருவர் இரண்டு முறை வந்ததால், ஒருவர் வராமல் போனது கணக்கில் தெரியவில்லை.

என் குழுவினர் முதலில் சந்தேகப்பட்டது தரவுத்தளத்தைத்தான். அது ஒரு தப்பும் செய்யவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் ஒவ்வொரு முறையும் தந்திருக்கிறது. கேள்விதான் அரைகுறை.

தரவுத்தளத்தில் பதிவுகளுக்கு இயல்பாக ஒரு வரிசை இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பதிவேட்டில் எழுதுகிற பழக்கம் அப்படி. ஆனால் இன்று நாம் பயன்படுத்தும் அட்டவணை வகைத் தரவுத்தளங்களுக்கு அடித்தளமிட்ட எட்கர் காட், 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைக் குறிவைத்தார். அன்றைய நிரல்கள் பதிவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் வரிசையை நம்பி எழுதப்பட்டிருந்தன. சேமிப்பை மாற்றி அடுக்கினால் நிரல் உடைந்துவிடும். அந்தச் சார்பை அறுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால் அட்டவணை என்பது பையில் போட்ட புளியங்கொட்டைகள் போலத்தான். என்னென்ன இருக்கின்றன என்பதற்கு உத்தரவாதம் உண்டு. எது முதலில் கைக்கு வரும் என்பதற்குக் கிடையாது. வரிசை வேண்டுமென்றால் `ORDER BY` என்று எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்காமலே பல மாதம் ஒழுங்காக வருகிறதே என்றால், அதுதான் வம்பு. புதிய அட்டவணையில் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. படிக்கும்போது முதலிலிருந்து கடைசிவரை படித்தால் சேர்ந்த வரிசையிலேயே வரும். போஸ்ட்கிரெஸ் என்ற பரவலான தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பதிவைத் திருத்தினால் பழையதன்மேல் எழுதுவதில்லை. திருத்திய பிரதியை வேறு காலியிடத்தில் எழுதிவிட்டு, பழையதைக் கழித்துவிட்டதாகக் குறித்துக்கொள்ளும். ஒரு மாணவியின் தலைப்பெழுத்தைத் திருத்தினாலே போதும், நடுவில் இருந்தவர் பட்டியலின் வாலுக்குப் போய்விடலாம். பிறகு துப்புரவு நடந்து பழைய இடம் காலியானதும், நேற்று விண்ணப்பித்த ஒருவர் அந்த ஓட்டையில் வந்து உட்காரலாம்.

யாரும் எதையும் திருத்தாமலே வரிசை மாறுவதும் உண்டு. அட்டவணை பெரிதாக இருந்து, ஒருவர் அதை ஏற்கெனவே முழுக்கப் படித்துக்கொண்டிருந்தால், போஸ்ட்கிரெஸ் அடுத்து வருபவரை முதலிலிருந்து தொடங்க விடாது. முன்னவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே சேர்த்துவிட்டு, கடைசிவரை போனபின் தொடக்கத்துக்கு வந்து மீதியைப் படிக்க வைக்கும். வட்டப் பாதைப் பேருந்தில் நடுவழியில் ஏறியவர் மாதிரி. எல்லா நிறுத்தங்களையும் பார்ப்பார், தான் ஏறிய இடத்திலிருந்து. இரண்டு பேர் ஒரே வட்டை இரண்டு முறை படிக்கும் செலவு மிச்சம். `synchronize_seqscans` என்ற இந்த அமைப்பு 2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. வேறு யாரும் மாற்றாதவரை இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இது எல்லா அட்டவணைக்கும் பொருந்தாது. தரவுத்தளம் தனக்கென ஒதுக்கிய பகிர்வு நினைவகத்தில் கால் பங்கைவிட அட்டவணை பெரிதாக இருக்க வேண்டும். அந்த நினைவகத்தின் வழக்கமான ஆரம்ப அளவு 128 எம்.பி. என்றால் 32 எம்.பி.யைத் தாண்டியவைதான் இதில் சிக்கும். நிரல் எழுதுபவரின் மடிக்கணினியில் சோதனைக்கு வைத்திருக்கும் இருநூறு பதிவுகள் அந்த எல்லைப் பக்கமே போகாது. "என் மெஷின்ல நல்லாத்தான் வருது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

எங்கள் பட்டியலின் கதை இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. நாங்கள் `ORDER BY` எழுதத் தவறவில்லை. மதிப்பெண்ணின்படி இறங்குவரிசை என்று தெளிவாகவே எழுதியிருந்தோம். சிறிதாக்கிச் சொன்னால், பக்கத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் பக்கத்துக்கான வினவல் இது:

```sql
SELECT name, mark FROM applicants
ORDER BY mark DESC
LIMIT 3 OFFSET 3;
```

முதல் மூன்றைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்றைக் கொடு என்று பொருள். விண்ணப்பித்தவர்கள் ஆறு பேர். தேன்மொழி 95, கயல் 92. பாரி, மதி, இளங்கோ, நிலா நால்வரும் 88. முதல் பக்கத்தில் தேன்மொழியும் கயலும் வருவார்கள், சந்தேகமில்லை. மூன்றாவது இடத்துக்கு 88 எடுத்த நால்வரில் யார் வந்தாலும் விடை சரியே. பாரி வந்தான் என்று வைப்போம்.

இப்போது அடுத்த பக்கத்தைத் தட்டுகிறோம். முதல் பக்கத்தில் என்ன காட்டினோம் என்பது தரவுத்தளத்துக்கு நினைவில்லை. இது புதிய கேள்வி, புதிதாக வரிசைப்படுத்துகிறது. இந்த முறை மூன்றாவது இடத்தில் மதி விழுகிறாள். முதல் மூவராக அவள் தள்ளப்பட, மீதி பாரி, இளங்கோ, நிலா. பாரி இரண்டு பக்கத்திலும் இருக்கிறான், மதி ஒன்றிலும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் குறையில்லாத விடைகள். ஒட்டவைத்தால்தான் பிழை. கூட்டினால் ஆறு வரிகள்.

அதே பதிவுகளை அதே நாளில் வரிசைப்படுத்தும்போது ஏன் மாற வேண்டும்? வேலை செய்யும் விதம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதால். முதல் மூவர் மட்டும் போதும் என்றால் போஸ்ட்கிரெஸ் எல்லோரையும் அடுக்குவதில்லை. மூன்று பேர் கொள்ளும் ஒரு கூடையை வைத்துக்கொள்கிறது. வருபவர் கூடையில் இருக்கும் கடைசி ஆளைவிட மேலானவர் என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. இரண்டாம் பக்கத்துக்கு முதல் ஆறு பேர் தெரிய வேண்டும், ஆகவே கூடை ஆறு பேருக்கு. கூடையின் அளவு மாறினால் சம மதிப்பெண்காரர்கள் உள்ளே அடுக்கப்படும் விதமும் மாறும். கடைசிப் பக்கங்களுக்குப் போகும்போது கூடையே லாயக்கில்லை என்று முழுப் பட்டியலையும் வேறு முறையில் வரிசைப்படுத்தக்கூடும். வினவலுக்கு முன்னால் `EXPLAIN ANALYZE` சேர்த்து ஓட்டினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் பக்கங்களில் `top-N heapsort` என்றும், ஆழத்தில் `quicksort` என்றும் எழுதி வரும்.

சொல்லப்போனால் வரிசையே கேட்காத வினவலைவிட, பாதி கேட்ட வினவல்தான் எனக்குப் பயம். கேட்காதது என்றைக்காவது கண்ணுக்குத் தெரியும்படி கலைந்துபோகும். பாதி கேட்டது மேலிருந்து கீழ்வரை மதிப்பெண் சரியாக இறங்கிக்கொண்டு, பார்க்க அம்சமாக இருக்கும்.

திருத்தம் சிறியது. சமமானவர்களைப் பிரிக்க, இருவருக்கு ஒன்றாக அமையவே முடியாத ஒன்றைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

```sql
ORDER BY mark DESC, id
```

பெயரைச் சேர்த்தால் போதாது. ஒரே பெயரில் எத்தனையோ பேர். விண்ணப்பித்த தேதியும் போதாது. கடைசி நாளில் ஒரே நொடியில் இருவர் பொத்தானை அழுத்துவார்கள். விண்ணப்ப எண் ஒன்றுதான் திரும்ப வராதது. அதைச் சேர்த்த பிறகு யார் எப்போது ஓட்டினாலும் ஒரே விடை.

பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய விண்ணப்பம் நுழைந்தால் இது காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் முதல் பக்கம் பார்க்கும்போது மேலே ஒருவர் புதிதாக நுழைந்தால் எல்லோரும் ஓரிடம் இறங்குவார்கள், பார்த்த பெயரே மறுபடி வரும். அதற்கு, எத்தனை பேரைத் தள்ள வேண்டும் என்று சொல்லாமல், கடைசியாகப் பார்த்தவர் யார் என்று சொல்லிக் கேட்க வேண்டும்:

```sql
WHERE mark < 88 OR (mark = 88 AND id > 1043)
ORDER BY mark DESC, id
LIMIT 20;
```

இப்படிப்பட்ட ஓட்டை நம் நிரலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எஸ்க்யூலைட்டில் ஒரு நல்ல குறும்பு வைத்திருக்கிறார்கள். `PRAGMA reverse_unordered_selects = ON;` என்று போட்டால், வரிசை கேட்காத வினவல்களின் விடையை வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுக்கப் பார்க்கும். வரிசையை நம்பி எழுதிய நிரல் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். சம மதிப்பெண் சிக்கலை இது காட்டாது. அதற்கு, வரிசைக்குப் பயன்படும் மதிப்பெண்ணை வைத்தே தொகுத்து எண்ணிப் பார்க்க வேண்டும்:

```sql
SELECT mark, count(*) FROM applicants
GROUP BY mark HAVING count(*) > 1;
```

ஒரு வரி வந்தாலும் போதும், அங்கே சமன் இருக்கிறது. (இந்த வினவலின் விடைக்கும் வரிசை உத்தரவாதமில்லை. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை `GROUP BY` எழுதினாலே வரிசைப்படுத்தித் தந்துகொண்டிருந்தது. 8.0-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இலவசத்தை நம்பி எழுதிய அறிக்கைகள் பதிப்பு மாறியதும் கலைந்தன.)

பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசை பார்த்த வீடுகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. 200-க்கு ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்கள் ஏராளம். முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பிறந்த தேதிவரை ஒத்துப்போனால் கடைசியாக ரேண்டம் எண். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் அதை முன்கூட்டியே ஒதுக்கி வெளியிட்டும்விடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது பயன்படப்போவதில்லை. இருந்தாலும் அந்தக் கடைசி எண் இல்லாமல் பட்டியலை முடிக்க முடியாது. எங்கள் வினவலில் இல்லாமல் போனது அதுதான்.

விண்ணப்ப எண்ணைச் சேர்த்ததும் அந்த அப்பாவின் மகள் பெயர் நான்காம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதே வினவலை எழுதிய கையோடு, முதல் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் வினவலும் எழுதியிருந்தோம். ஐம்பதாவது இடத்திலும் சமன். அங்கேயும் விண்ணப்ப எண்ணைச் சேர்த்தால் விடை மாறாமல் நிற்கும், சரிதான். ஆனால் அதன் பொருள், முந்தி விண்ணப்பித்தவருக்குப் பணம், பிந்தியவருக்கு இல்லை. அப்படி ஒரு விதியை அறக்கட்டளை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு காற்புள்ளியை வைத்து நாங்களாக உண்டாக்கியிருப்போம். அறங்காவலரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை பேர் சமமா இருக்காங்க?" என்றார். மூன்று பேர் என்றேன்.

"மூணு பேருக்கும் குடுத்துடுங்க தம்பி."

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து:

```sql
ORDER BY mark DESC
FETCH FIRST 50 ROWS WITH TIES;
```

ஐம்பதாவது ஆளோடு சமமாக நிற்பவர்களையும் சேர்த்துத் தரும். அந்த வருடம் ஐம்பத்திரண்டு காசோலைகள் போயின.