பத்தாண்டு உத்தரவாதம், எந்த நாளிலிருந்து?

ஓர் அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பை எடுத்துக்கொள்வோம். கட்டடம் முடிந்து ஒப்படைத்த நாளிலிருந்து 10 ஆண்டு உத்தரவாதம் வேண்டும் என்கிறது ஒப்பந்தம். கண்ணாடி தந்தவரின் தாளிலும் 10 ஆண்டுதான். ஆனால் அது சரக்கு ஆலையைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து. கண்ணாடி வந்து, பொருத்தி, கட்டடம் முடிய 18 மாதம் ஆனால், உரிமையாளருக்குக் கிடைப்பது எட்டரை ஆண்டே.

அடுத்தது இன்னும் பெரிய ஓட்டை. இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு ஒட்டு விட்டுப்போனால், இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து பனிபோல் படியும். எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது, அதுவே அடையாளம். ஒப்பந்தம் கேட்பது முழுச் சீரமைப்பு. உத்தரவாதமோ மாற்றுக் கண்ணாடியை மட்டும் தரும். பன்னிரண்டாம் மாடியில் தொங்குமேடை கட்டி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் கூலி அதில் இல்லை. பல நேரம் கண்ணாடி விலையைவிட அதுவே அதிகம்.

விலக்குப் பட்டியலில் 'கடலோரச் சூழல்' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரைக் கட்டடத்துக்கு அந்த ஒரு சொல்லே அலுமினியப் பூச்சுக்கான உத்தரவாதத்தைச் செல்லாததாக்கிவிடும். என் கருத்தில், இவற்றைத் திருத்தி வாங்கும் வரை கொள்முதல் ஆணையில் கையெழுத்திடக் கூடாது. முன்பணம் போன பிறகு பேரம் பேச வலு இருக்காது.