கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம்

ஒரு பந்தை விநாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறிகிறோம். காற்றுத்தடையை மறந்துவிடுவோம், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்தில் நேரத்தையும் செங்குத்தில் திசைவேகத்தையும் குறித்தால், 20-இல் தொடங்கி, 2-ஆம் விநாடியில் சுழியைக் கடந்து, 4-ஆம் விநாடியில் −20-க்கு இறங்கும் ஒரே நேர்கோடு வரும்.

உச்சியில் பந்து கணநேரம் நிற்கிறதே, அங்கே முடுக்கமும் சுழிதானே? பலரும் சறுக்கும் இடம் இது. முடுக்கத்தைக் காட்டுவது கோட்டின் உயரம் அல்ல, சாய்வு. விநாடிக்கு 10 வீதம் இறங்கும் அந்தச் சாய்வு உச்சியிலும் மாறுவதில்லை. அங்கே முடுக்கம் சுழியாகியிருந்தால் பந்து அந்தரத்திலேயே தங்கிவிடும்!

இனி பரப்பு. முதல் 2 விநாடிக்கு அச்சுக்கு மேலே ஒரு முக்கோணம்: 2 × 20-இல் பாதி, அதாவது 20 மீட்டர். பந்து ஏறிய உயரம் அதுதான். அடுத்த முக்கோணம் அச்சுக்குக் கீழே இருப்பதால் −20. இரண்டையும் கூட்டினால் இடப்பெயர்ச்சி சுழி. பந்து கைக்கே வந்துவிட்டது. குறியைப் பாராமல் கூட்டினால் 40 மீட்டர், அது கடந்த தூரம்.

முடுக்க வரைபடமோ −10-இல் படுத்திருக்கும் கோடு. அதன் 4 விநாடிப் பரப்பு −40. திசைவேகம் 20-இலிருந்து −20 ஆனதும் அதே 40 குறைவுதான். ஆனால் பரப்பு மாற்றத்தை மட்டுமே தரும். தொடக்கத்தில் 20 இருந்ததை நாம்தான் சொல்ல வேண்டும்.