காண்டோ பள்ளிக்கூடமும் நான்கு பத்திக் குறிப்பும்

ஒரு கட்டடம் முடிந்ததும் அதைக் கட்டிய கட்டடக்கலை நிறுவனம் அதைப் பற்றி நான்கைந்து பத்தி எழுதுகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு அந்தக் குறிப்பு பத்திரிகைகளுக்கும் விருதுக் குழுக்களுக்கும் நன்கொடை கொடுத்தவர்களுக்கும் போகிறது. பள்ளிக்கூடம் என்றால் குறிப்பின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: ஊருக்கு என்ன தேவைப்பட்டது, எவையெல்லாம் குறுக்கே நின்றன, கட்டியதால் ஊருக்கு என்ன கிடைத்தது. பலரும் படத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் வகுப்பறைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு செலவு, யார் கல் சுமந்தார்கள் என்பது எதுவும் படத்தில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது குறிப்புதான். சொல்லியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால், நேரில் போகாமலே ஒரு கட்டடத்தை ஓரளவு எடை போட்டுவிடலாம்.

அப்படிப் படிக்கத் தகுந்த ஒரு பள்ளிக்கூடம் மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டின் காண்டோ என்ற கிராமத்தில் இருக்கிறது. 2001-இல் கட்டி முடிக்கப்பட்டது. வரைந்தவர் அதே ஊரில் 1965-இல் பிறந்த தியெபேதோ பிரான்சிஸ் கெரே. ஊர்த்தலைவரின் மகனான அவர், காண்டோவிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வீட்டை விட்டு தென்கோடோகோ நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. காற்றும் வெளிச்சமும் போதாத கான்கிரீட் வகுப்பறையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததை அவர் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தச்சுத்தொழில் கற்க உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்குப் போன கெரே, பெர்லினில் கட்டடக்கலை படித்தார். மாணவராக இருந்தபோதே 1998-இல் ஒரு சங்கம் தொடங்கி, காண்டோ பள்ளிக்காகப் பணம் திரட்டினார்.

இந்தப் பள்ளியைப் பற்றி அவருடைய நிறுவனம் எழுதியிருக்கும் குறிப்பு சிறியது. செலவு, தட்பவெப்பம், கிடைக்கிற பொருள், ஊரில் கட்ட முடியுமா என்ற நான்கையும் முன்வைத்தே வடிவம் பிறந்தது என்று அது தொடங்குகிறது. தேவை எளிமையானதுதான்: மூன்று வகுப்பறை. நெருக்கடி முழுவதும் அந்த நான்கில் இருந்தது.

முதலில் பொருள். சிமெண்டும் இரும்பும் வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி வர வேண்டியவை. காலடியில் தாராளமாகக் கிடைத்தது களிமண். ஆனால் மண் என்றதும் ஊரார் தயங்கினார்கள். அவர்கள் வீடுகளே மண்வீடுகள்தான்; ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சுவரைப் பூசிச் செப்பனிடும் பாடு அவர்களுக்குத் தெரியும். ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவன் கான்கிரீட்டில் கட்டாமல் மறுபடியும் மண்ணிலா கட்டப்போகிறான் என்ற கேள்வி நியாயமானது. கெரே மண்ணை அப்படியே பயன்படுத்தவில்லை. சிறிதளவு சிமெண்ட் கலந்து, அச்சில் இட்டு அழுத்திக் கல்லாக்கினார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நிழலில் ஆறவிட்டால் போதும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்குப் போனவர்கள் இதே வகைக் கல்லில் எழுந்த கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள்.

அழுத்திய மண்கல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கன மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டே இருந்தால் சுவர் அரிக்கும். அதனால் கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டாக வேண்டும். காண்டோவின் படங்களில் முதலில் கண்ணில் படுவது அந்த நீண்ட தகரக் கூரைதான். அழகுக்காக நீட்டியது போலத் தோன்றும். சுவர் நனையாமல் இருக்கவே அது நீண்டிருக்கிறது.

அடுத்தது வெயில். மழைக்கு முந்தைய மாதங்களில் அந்தப் பகுதியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. தகரம் வெயிலை வாங்கி, அடியில் இருப்பவர் தலைமேல் அனலாக இறக்கும். தகரத்தை விட்டுவிடவும் முடியாது; மழையைத் தடுக்க மலிவான வேறு பொருள் இல்லை. கெரே தகரத்தை வைத்துக்கொண்டு அதை வகுப்பறையிலிருந்து பிரித்தார். வகுப்பறையின் அகலத்துக்குக் குறுக்கே கான்கிரீட் பீம்கள், அவற்றின் மேல் இரும்புக் கம்பிகள், கம்பிகளின் மேல் சாந்து பூசாமல் இடைவெளி விட்டு அடுக்கிய மண்கற்கள். இது உள்கூரை. தகரக் கூரை இதற்கு மேலே, தனியாக, ஒரு குடையைப் போல உயர்ந்து நிற்கிறது.

இரண்டு கூரைக்கும் நடுவே காற்று தடையில்லாமல் ஓடுகிறது. தகரத்தின் சூடு அந்த இடைவெளியிலேயே காற்றோடு வெளியேறிவிடுகிறது. வகுப்பறைக்குள் பிள்ளைகளின் மூச்சாலும் உடற்சூட்டாலும் சூடேறும் காற்று மேலெழுந்து, உள்கூரையின் இடுக்குகள் வழியே போய்விட, அதன் இடத்துக்குச் சன்னல் வழியாகப் புதிய காற்று வருகிறது. கனமான மண்சுவரும் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும்.

இந்த இடத்தில் குறிப்பைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். சன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருவதாகத்தான் இப்படிப்பட்ட விளக்கங்கள் எழுதப்படுகின்றன. வெளியே 40 டிகிரி என்றால் வருகிற காற்றும் 40 டிகிரிதான். காற்றோட்டம் அந்தக் காற்றைக் குளிர்விக்காது. கூரையின் அனல் தலையில் இறங்குவதையும், காற்று தேங்கிப் புழுங்குவதையும் இந்த அமைப்பு தடுக்கிறது. வியர்வை காயும் அளவுக்குக் காற்று ஓடினால் உடம்பு தாங்கும். குளிர்சாதனம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது நெருக்கடி போக்குவரத்தும் கருவியும். அகலமான கூரைக்குப் பட்டறையில் செய்த கனத்த இரும்புச் சட்டங்களை லாரியில் ஏற்றிவந்து கிரேன் வைத்துத் தூக்குவது வழக்கம். இரண்டுக்கும் இங்கே வழியில்லை, பணமும் இல்லை. அதனால் கான்கிரீட்டுக்குள் கட்டுகிற சாதாரணக் கம்பியையே அறுத்து, பற்றவைத்து, மனிதர்கள் கையால் தூக்கி வைக்கக்கூடிய எடையில் முக்கோண முக்கோணமாக ட்ரஸ் செய்தார்கள். அதற்கு வேண்டியது ஒரு கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும்தான். அந்த இரண்டையும் இயக்க ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். படத்தில் சிலந்தி இழை மாதிரி மெல்லியதாகத் தெரியும் அந்தக் கம்பிப் பின்னலுக்குக் காரணம் கிரேன் இல்லாததுதான்.

நல்ல குறிப்புக்கு அடையாளம் இதுவே என்று நினைக்கிறேன். அது சொல்லும் ஒவ்வொரு நெருக்கடிக்கும் கட்டடத்தில் கைவைத்துக் காட்டக்கூடிய ஒரு பதில் இருக்க வேண்டும். மழை என்றால் நீண்ட கூரை, வெயில் என்றால் இடைவெளி, கிரேன் இல்லை என்றால் மெல்லிய கம்பி. குறைந்த பட்ஜெட், கடினமான மனை என்று எழுதிவிட்டு, அதனால் எந்தச் சுவர் மாறியது, எந்தப் பொருள் கைவிடப்பட்டது என்று சொல்லாத குறிப்புகள் ஏராளம். அங்கே நெருக்கடி வெறும் அலங்காரம்.

செலவையும் இப்படியே பார்க்க வேண்டும். காண்டோ பள்ளிக்கு ஏறத்தாழ 30,000 அமெரிக்க டாலர் ஆனது. கேட்டதும் வியப்பு வரும். ஆனால் பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கி வந்தார்கள், பெண்கள் கல் அறுக்கத் தண்ணீர் சுமந்தார்கள். புர்கினா பாசோ கிராமங்களில் வீடு கட்டுவதும் செப்பனிடுவதும் ஊர்கூடிச் செய்யும் வேலைதான். அந்த வழக்கத்தின் மேல்தான் இந்தத் திட்டமே நின்றது. அப்படிப்பட்ட வழக்கம் இல்லாத ஊரில் இதே வரைபடத்தை இதே தொகைக்குக் கட்ட முடியும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு குறிப்பு பெருமைப்பட்டால், கூலியில்லாத உழைப்பு அதில் எவ்வளவு என்று கேட்பது வாசகரின் உரிமை.

இனி ஊருக்குக் கிடைத்த பயன். குறிப்புகளில் மிக எளிதாக எழுதப்படுவதும் மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவதும் இந்தப் பகுதிதான். கட்டடம் முடிந்த வாரத்தில் பயன் என்பது ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே. நைஜீரியாவின் லாகோஸ் நகரில், நீர்மேல் வாழும் மகோகோ குடியிருப்புக்காக 2013-இல் மரத்தாலான மிதக்கும் பள்ளி ஒன்று கட்டப்பட்டது. வடிவமைத்தவர் குன்லே அடெயெமி. கீழே பிளாஸ்டிக் பீப்பாய்கள், மேலே முக்கோண வடிவில் அடுக்குகள். உலகெங்கும் பத்திரிகைகள் அதன் படத்தை வெளியிட்டன. 2016 ஜூனில் கனமழையில் அது சரிந்து விழுந்தது. அதற்கு முன்பே பிள்ளைகளை அங்கிருந்து மாற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. முதலில் எழுதிய குறிப்பு பொய் சொன்னது என்று சொல்ல மாட்டேன். பராமரிப்பு யார் கையில், மூன்று ஆண்டு கழித்து என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குத் திறப்பு விழாவன்று பதில் கிடைக்காது.

காண்டோவில் பதில் சொல்லக் காலம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு கிராமங்கள் இதே போல ஊர்கூடித் தங்கள் பள்ளிகளைக் கட்டிக்கொண்டன. உள்ளூர் நிர்வாகம் ஆசிரியர்களை நியமித்துச் சம்பளம் கொடுத்தது. இங்கே வேலை பழகிய இளைஞர்களை அரசுக் கட்டுமானங்களிலும் சேர்த்துக்கொள்ள முயன்றது. 2004-இல் ஆசிரியர் குடியிருப்பு வந்தது. அதே ஆண்டு பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பிள்ளைகள் பெருகியதால் 2008-இல் புதிய வகுப்பறைகள் எழுந்தன. அவற்றில் பீமும் கம்பியும் தாங்கிய தட்டையான உள்கூரைக்குப் பதிலாக, இடைவெளியோடு கட்டிய வளைவுக் கூரை. ஏழே ஆண்டில் ஊர்க் கொத்தர்களின் கை அடுத்த படிக்குப் போயிருந்தது. 2022-இல் கெரேவுக்கு பிரிட்ஸ்கர் பரிசு வந்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

அதனால் பள்ளிக் கட்டடம் ஒன்றின் குறிப்பு அடுத்த முறை கண்ணில் பட்டால், பயன் என்ற பத்தியில் இரண்டு செய்திகளைத் தேடுங்கள். கூரையில் ஒரு தகடு பிய்ந்தால் அதை ஊரிலேயே யாராவது சரிசெய்வார்களா? அந்த ஊரார் இன்னொரு வகுப்பறையைத் தாங்களாகவே எழுப்ப முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று காட்டுகிற குறிப்பு, எவ்வளவு சிறியதானாலும், தன் கடமையைச் செய்துவிட்டது.