என்டர் தட்டுமுன் இன்னொருவர் பார்க்கட்டும்

2017 ஜனவரி 31 இரவு, நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் டேட்டாபேஸின் நகல் சர்வர், மூல சர்வரைவிடப் பின்தங்கிவிட்டது. நகலைத் துடைத்துவிட்டுப் புதிதாக எடுக்க ஒரு பொறியாளர் அழிப்புக் கட்டளை கொடுத்தார். ஆனால் அது ஓடியது மூல சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அதைச் சொல்லவேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது. அதற்குப் பிறகு பதிவானவை போயின.

மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இத்தகைய சர்வரை 'புரொடக்‌ஷன்' என்பார்கள். அதில் நேரடியாகக் கைவைப்பது பற்றி டெவலப்பர்களுக்கு அனுப்பும் விதிகள் இப்படிப்பட்ட இரவுகளுக்காகவே எழுதப்படுகின்றன.

ஓர் இணையக் கடையில் பணம் கட்டிய 12 ஆர்டர்கள் 'நிலுவை' என்றே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திருத்தப் போகிறவர் எந்த சர்வர், என்ன கட்டளை, எத்தனை வரிசைகள் மாறும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதே நிபந்தனையைத் தேடலாக மட்டும் ஓட்டினால் 12 என்ற எண் கிடைத்துவிடும். அந்த 12 வரிசைகளின் பழைய மதிப்புகளையும் தனியே சேமிக்க வேண்டும். இன்னொருவர் இவற்றை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்த பிறகே கட்டளை ஓடும்:

```sql
BEGIN;
UPDATE orders SET status = 'paid'
WHERE batch_id = 417 AND status = 'pending';
-- 12 வந்தால் COMMIT; இல்லையென்றால் ROLLBACK;
```

`WHERE` வரி விடுபட்டால் கடையின் எல்லா ஆர்டர்களும் 'பணம் கட்டியவை' ஆகிவிடும். திரையில் 12-க்குப் பதில் 48,000 என்று வரும்போதே அது தெரிந்துவிடும். `ROLLBACK` அடித்தால் எதுவும் மாறியிருக்காது. யோசித்துக்கொண்டு அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. முடிவு சொல்லும்வரை அந்த வரிசைகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற வரும் மற்றவர்கள் காத்திருக்க நேரும்.

`COMMIT` ஆன பிறகு `ROLLBACK` உதவாது. தவறு அப்போது தெரியவந்தால், சேமித்த பழைய மதிப்புகளைத் திரும்ப எழுதுவதுதான் வழி. அதற்கான கட்டளையும் முதலிலேயே எழுதி, ஒப்புதலுக்குக் காட்டியதாக இருக்க வேண்டும். பதற்றத்தில் எழுதும் கட்டளை இரண்டாவது விபத்தாகலாம்.

கோப்புகளை அழிக்கும் கட்டளைக்கு `ROLLBACK` கிடையாது. அங்கே பேக்கப் மட்டுமே துணை. ஆகவே பேக்கப் இருக்கிறது என்ற பதிலை ஒப்புதல் தருபவர் ஏற்கக் கூடாது. அதை வேறொரு சர்வரில் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். தேதி சொல்ல முடியாவிட்டால், அன்று அந்தக் கட்டளை ஓடக் கூடாது.