இருட்டில் கண் விழிக்க அரை மணி நேரம்: வான் பார்ப்பவர்களின் செல்போனுக்குச் சிவப்புத் திரை

தை அமாவாசை இரவு எட்டு மணிக்கு கும்மிடிப்பூண்டியில் மொட்டை மாடி ஏறினால், ஏறத்தாழ உச்சி வானில் கார்த்திகைக் கூட்டம் நிற்கும். ரோலிங் மில்லில் பகல் ஷிப்டு முடித்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பியை அங்கே அழைத்துப் போயிருந்தேன். "ஏதோ புகை மாதிரி ஒரு திட்டுதான் தெரியுதுண்ணே, நட்சத்திரமே இல்லையே" என்றார். அவர் பார்வையில் கோளாறு இல்லை. படி ஏறும்போது கையில் வெள்ளைத் திரை ஒளிர்ந்த செல்போன் இருந்தது. அது இல்லாமல் நாற்பது நிமிடம் உட்கார வைத்தபின் ஐந்து எண்ணினார், பிறகு ஆறு.

இருட்டுக்குள் கண் என்ன செய்கிறது?

விளக்கை அணைத்தவுடன் கண்மணி விரிகிறது. அது முக்கால்வாசி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உண்மையான வேலை விழித்திரையில் நடக்கிறது, அது மெதுவானது. அங்கே இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. நிறம் பார்க்கவும் எழுத்து படிக்கவும் கூம்பு செல்கள், மங்கிய ஒளியைப் பார்க்கக் குச்சி செல்கள். குச்சி செல்களுக்குள் ரொடாப்சின் என்றொரு நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், இருட்டில் மறுபடி சேரும். கூம்பு செல்கள் ஏழெட்டு நிமிடத்தில் தம்மால் முடிந்த அளவு தயாராகிவிடுகின்றன. குச்சி செல்கள் முழுமையாகத் தேற முப்பது, நாற்பது நிமிடம் ஆகும்.

அந்த நாற்பது நிமிடச் சேமிப்பை ஒரு வாட்ஸ்அப் செய்தி கரைத்துவிடும். எவ்வளவு கரையும் என்பது திரை எவ்வளவு பிரகாசம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது. ஒரு நொடிப் பார்வை சில நிமிடங்களில் சரியாகும். முழு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் படித்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் அரை மணி நேரம் இருந்தபின் ஒரு கண்ணைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் வெள்ளைத் திரையை ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, கண்களை மாற்றி மாற்றி வானத்தைப் பாருங்கள். பொத்திய கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் மற்றக் கண்ணுக்குத் தெரியாது. நிறமி ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாகச் சேர்வதால்தான் இப்படி.

ஏன் சிவப்பு?

குச்சி செல்களுக்கு நீலப்பச்சை ஒளி, அதாவது 507 நானோமீட்டர் அலைநீளம், மிக நன்றாகத் தெரியும். சிவப்புக்குப் போகப் போக அவற்றின் உணர்வு சரசரவென்று குறைகிறது. 620 நானோமீட்டரில் அது நூறில் ஒரு பங்குக்கும் கீழே. கூம்பு செல்களுக்கோ அதே சிவப்பு தாராளமாகத் தெரியும். ஆக, மங்கிய சிவப்பில் நட்சத்திரப் படத்தைக் கூம்பு செல்கள் படிக்கின்றன, குச்சி செல்கள் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இருக்கின்றன. 1916இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் சிவப்புக் கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான். இரண்டாம் உலகப்போரில் இரவில் பறக்கவேண்டிய விமானிகள், வெளிச்சமான அறையில் காத்திருக்கும்போது அத்தகைய கண்ணாடியை அணிந்தார்கள்.

சிவப்பு என்பதற்காக எவ்வளவு பிரகாசமாகவும் வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரகாசமான சிவப்பும் பார்வையைக் கெடுக்கும். எழுத்து தட்டுத்தடுமாறித் தெரியும் அளவுக்குக் குறைப்பதுதான் சரியான அளவு.

செல்போனில் எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு போனில் `Night Light` போட்டுவிட்டு, சிவப்பாக்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அது தூக்கத்துக்காக முக்கியமாக நீலத்தைக் குறைத்து, திரையை மஞ்சளாக்குகிறது. பச்சை பெருமளவு அப்படியே இருக்கும். குச்சி செல்களைக் கெடுப்பதில் பச்சைக்குப் பெரும்பங்கு உண்டு.

Stellarium, SkySafari போன்ற வான்படச் செயலிகளுக்குள் சிவப்பு இரவு முறை இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு செயலியோடு முடிந்துவிடும். தேடலுக்குப் பெயரைத் தட்ட விசைப்பலகை வந்தாலோ, மேலே ஓர் அறிவிப்பு விழுந்தாலோ வெள்ளை பளிச்சிடும். ஐபோனில் முழுத்திரையையும் சிவப்பாக்க வழி உண்டு:

`Settings > Accessibility > Display & Text Size > Color Filters > Color Tint`

அங்கே `Intensity`, `Hue` இரண்டையும் சிவப்பின் உச்சத்துக்குத் தள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் சிவப்புத் திரைச் செயலியோடு, இருந்தால் `Extra dim` வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு போனிலும் அறிவிப்புகளை நிறுத்திவிடுவது முக்கியம்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் போதும். இரண்டு மூன்று மடிப்பாகத் திரைமேல் ஒட்டி, போனில் பச்சை நிறப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பச்சை கறுப்பாகத் தெரிந்தால் காகிதம் நல்லது. மங்கலாகவேனும் ஒளி கசிந்தால் இன்னொரு மடிப்பு சேர்க்க வேண்டும். பழைய எல்சிடி திரைகளில் கறுப்புப் பகுதியிலும் பின்னொளி கசியும், அமோலெட் திரையில் அப்படி இல்லை. எனவே எல்சிடி வைத்திருப்பவர்களுக்குக் காகிதம் கூடுதல் உதவி.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு ஒளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் குவியும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குச் சிவப்புத் திரை இன்னும் மங்கும், உடனே பிரகாசத்தைக் கூட்டிவிடுவார்கள். அதற்குப் பதில் படிக்கும் கண்ணாடியைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கும்மிடிப்பூண்டி வானத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இங்கே சிப்காட் விளக்குகளும் தெற்கே சென்னையின் ஒளிமூட்டமும் வானத்தையே வெளுப்பாக்குகின்றன. தெரு விளக்கு நேராகக் கண்ணில் படும் மாடியில் சிவப்புத் திரை வைத்திருப்பதில் பயன் குறைவு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, இருட்டான கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கம் திரும்புங்கள். ஏரிக்கரைக்கே போனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அங்கே நடக்கும்போது வெள்ளை டார்ச்சைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், பாம்பு இருக்கலாம். உட்கார்ந்த பிறகு சிவப்பு போதும்.

மங்கிய நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், ஏனெனில் பார்வையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே இல்லை. பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் அது மறுபடி தோன்றும். தம்பி ஆறாவதைக் கண்டது இப்படித்தான்.

பகல் முழுவதும் உலையருகிலோ வெல்டிங் வேலையிலோ வெயிலிலோ இருந்தவர்களுக்கு அன்றிரவு கண் தேறக் கூடுதல் நேரம் ஆகலாம். வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிவது அன்றிரவே பலன் தரும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நாற்பது நிமிடம் நல்ல இருட்டில் இருந்தும், பக்கத்தில் இருப்பவர் எளிதாகக் காணும் நட்சத்திரங்கள் உங்களுக்குத் தெரியவில்லையா? மாலையில் வாசல்படி தெரியாமல் தடுமாறுகிறீர்களா? அதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண், கண்புரை, விழித்திரை நோய் என்று காரணங்கள் பல. ரொடாப்சின் உருவாக வைட்டமின் ஏ தேவை. அதன் குறைவைத் தடுக்க அரசு, ஒன்பது மாதம் முதல் ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கு அதைத் திரவமாகத் தருகிறது. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இதே குறை இருந்தால், அதுவும் சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பம் என்றால், பரம்பரை விழித்திரை நோயாகவும் இருக்கலாம். கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள்.